போனஸ் 60,000 ரூபாய்: முதலில் எந்தக் கடன், தெரியுமா?

தீபாவளி போனஸ் பேச்சில் 8.33 சதவீதம் என்றொரு விசித்திர எண் அடிபடுமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அதேதான்! ஆண்டில் ஒரு மாதப் பங்கு.

சரி, ஒரு வீட்டில் 60,000 ரூபாய் போனஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் 25,000 பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி. தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கியது 15,000. நகைக்கடன் 50,000, ஆண்டுக்கு 12 சதவீதம். வீட்டுக்கடன் 8.5 சதவீதம். பெரிய கடன் என்பதால் கை முதலில் வீட்டுக்கடன் பக்கம்தான் போகும்.

அங்கே 25,000 கட்டினால் ஓராண்டில் மிச்சமாகும் வட்டி 2,125 ரூபாய். அதே பணத்தைக் கார்டில் கட்டினால்? வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 12,000க்கு மேல்! வட்டிக்காரரின் ரெண்டு வட்டிக்கு முகம் சுளிக்கிறோமே, பளபளக்கும் அந்தக் கார்டு வாங்குவது மூன்றரை வட்டி, தெரியுமா?

இன்னும் கேளுங்கள். 25,000 பாக்கிக்கு 'மினிமம் டியூ' 5 சதவீதம், அதாவது 1,250 ரூபாய் என்றால், வட்டியும் வரியுமாகவே 1,032 போய்விடும். அசலில் குறைவது சுமார் 218 ரூபாய்தான்! முழுத் தொகையையும் கட்டாத மாதத்தில் இன்னொரு கூத்தும் உண்டு: புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் கார்டில் பாதி கட்டி நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது ரெண்டு வட்டி 15,000. இரண்டும் தீர்ந்ததும் மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் விடுதலை! அதை நகைக்கடன் பக்கம் திருப்பலாம்.

மிச்சம் 20,000. அதில் பத்தாயிரத்தைச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கார்டுக்கு 42 சதவீதம் அழுபவர் சொற்ப வட்டிக்குப் பணம் போடுவதா என்று தோன்றும். ஆனால் இந்தக் கைப்பணம் இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு அதே கார்டில்தான் ஏறும். மீதிப் பத்தாயிரம் புடவைக்கும் பட்டாசுக்கும் பலகாரத்துக்கும். அதைக் கிள்ளிப் பறித்தால் வீட்டில் யாரும் இந்தத் திட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வரிசை எப்போது தலைகீழாகும் தெரியுமா? நகைக்கடன் தவணை முடிந்து ஏல நோட்டீஸ் வந்திருந்தால்! அப்போது வட்டி விகிதத்தை ஓரம் தள்ளிவிட்டு முதலில் நகையைக் காப்பாற்ற வேண்டும். குறைந்தது வட்டியைக் கட்டி, கடனைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும்: கார்டை முழுதாக அடைத்த பிறகும் அடுத்த பில்லில் சின்னதாக ஒரு வட்டி வரும். பதற வேண்டாம், பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான பாக்கி அது. அதையும் கட்டிவிடுங்கள்.