திரை அணைந்ததும் நின்றுவிடும் படங்கள்

கல்யாண வீட்டில் எடுத்த 400 படங்கள். வீட்டு வைஃபையில் பதிவேற்றம் தொடங்கியதைப் பார்த்துவிட்டு போனை மேசையில் வைத்துத் தூங்குகிறோம். காலையில் பார்த்தால் 60 படங்கள்தான் போயிருக்கின்றன. ஆப்பைத் திறந்ததும் மீதி மளமளவென்று ஏறுகிறது. இணையத்தில் கோளாறில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தடுப்பது ஆண்ட்ராய்டுதான். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, சார்ஜரில் இல்லாத போன் திரை அணைந்து அசையாமல் கிடந்தால் 'டோஸ்' என்ற உறக்கநிலைக்குப் போகும். அப்போது ஆப்களுக்கு இணையம் கிடைக்காது. இடையிடையே சிறிது நேரம் மட்டும் கதவு திறக்கும். போன் கிடக்கக் கிடக்க அந்த இடைவெளி நீளும். குறுஞ்செய்திக்கு அந்தச் சிறு நேரம் போதும். பெரிய வீடியோ பாதியில் அறுபடும். 2018இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, நாம் அரிதாகத் திறக்கும் ஆப்களைப் பின்வரிசைக்கும் தள்ளியது. சேமிப்பு ஆப்பை யார் தினமும் திறக்கிறார்கள்?

உறுதிசெய்ய ஒரு சோதனை: போனைச் சார்ஜரில் போட்டுத் திரையை அணையுங்கள். இப்போது படங்கள் ஏறினால் காரணம் பேட்டரிச் சிக்கனமே. Settings, Apps வழியாக அந்த ஆப்புக்குப் போய், Battery பகுதியில் Unrestricted என்று மாற்றுங்கள். சில நிறுவனப் போன்களில் தனியாக ஓர் உறக்கப் பட்டியலும் உண்டு; அதிலிருந்தும் ஆப்பை நீக்க வேண்டும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆகவே இந்தச் சலுகையைச் சேமிப்பு ஆப்புக்கு மட்டும் கொடுங்கள்.