இரவு 2 மணி வேலையை நிறுத்துவதற்கு முன்

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் இரவு 2 மணிக்கு அதன் சர்வரில் ஒரு சிறிய நிரல் தானாக ஓடுகிறது. கிடங்கில் என்னென்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று எடுத்து, `stock.csv` என்ற கோப்பில் எழுதிப் பொது ஃபோல்டரில் வைக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கிளைகளோ இப்போது புதிய மென்பொருளில் இருப்பை நேரடியாகவே பார்த்துக்கொள்கின்றன. லினக்ஸ் சர்வரில் இந்த வேலை ஒரே ஒரு வரிதான்:

```
0 2 * * * /opt/sync/stock_sync.sh
```

வரியின் முன்னால் ஒரு # போட்டால் வேலை நின்றுவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கடைசியாக எழுதிய கோப்பு அங்கேயே கிடக்கும். அதோடு இணைத்த எக்செல் தாள் வழக்கம்போலத் திறக்கும், எண்களைக் காட்டும். கொள்முதல் பிரிவில் இருப்பவர் அந்த எண்களை நம்பி ஆர்டர் போடுவார். சில வாரம் கழித்து, தீர்ந்துபோன சரக்குக்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். கோப்பே இல்லாமல் போயிருந்தால் முதல் நாள் காலையிலேயே யாராவது போன் செய்திருப்பார்கள்.

அதனால் முதல் வேலை, அந்தக் கோப்பை யார் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. கோப்பு கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற நேரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. பேக்கப் நிரல் தொட்டாலும் அந்த நேரம் மாறலாம். படித்தவர் யார் என்பதும் அதில் இருக்காது. லினக்ஸின் தணிக்கைப் பதிவு வசதியில் இப்படி ஒரு விதி வைக்கலாம்:

```
auditctl -w /data/export -p r -k stock_read
ausearch -k stock_read -i
```

முதல் வரி அந்த ஃபோல்டரில் நடக்கும் வாசிப்பை எல்லாம் பதிவு செய்யச் சொல்கிறது. இரண்டாவது வரி அந்தப் பதிவைக் காட்டுகிறது. கட்டளையாக மட்டும் கொடுத்த விதி சர்வரை மறுதொடக்கம் செய்தால் போய்விடும். பதிவுக் கோப்புகளும் நிறைந்ததும் பழையவை அழியும். ஆகவே விதியை நிரந்தரமாக எழுதி, பதிவுகளை அவ்வப்போது வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே பயனர் பெயரில் வந்து கோப்பை எடுத்துப் போகிறார்கள் என்றால், பெயரை விட்டுவிட்டு சர்வருக்குள் நுழைந்த பதிவில் இருக்கும் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அது ஏதோ ஒரு மேஜையில் இருக்கும் கணினியில் கொண்டுபோய் நிறுத்தும்.

எத்தனை நாள் பார்ப்பது? ஒரு மாத முடிவாவது அதற்குள் வர வேண்டும்; காலாண்டு முடிவும் வந்தால் நல்லது. அப்படியும் ஒருவர் தப்புவார். கணக்குப் பிரிவில் நேரில் போய்க் கேட்டால், "சார், அதை நான் மார்ச் 31 முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை எடுப்பேன், ஆடிட்டர் கேட்பார்" என்று பதில் வரலாம். மூன்று மாதப் பதிவிலும் அவர் பெயர் இருக்காது. பதிவைப் பார்ப்பதோடு ஒவ்வொரு பிரிவிலும் கேட்கவும் வேண்டியிருப்பது இதனால்தான்.

அறிவிப்பை எல்லாருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சலாக அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்: எந்தத் தேதியில் நிற்கும், அதே எண்களை இனி எங்கே எடுக்கலாம், சிக்கல் வந்தால் யாரை அழைக்கலாம். அவர்கள் புதிய வழிக்கு மாறிவிட்டார்களா என்பதையும் பதிவிலேயே பார்க்கலாம். மாறியவரின் கணினியிலிருந்து பழைய கோப்புக்கு வாசிப்பு வராது.

நிறுத்துவதை முதலில் ஒரே ஒரு நாளுக்குச் செய்து பார்ப்பது நல்லது. வேலை நாளின் காலையாக, எல்லாரும் இருக்கும்போது செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூடாது. அட்டவணை வரியில் # போட்டு, பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதலாம். அதற்கு முன் `crontab -l` கொடுத்து முழு அட்டவணையையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு `crontab -e`, விசைப்பலகையில் பக்கத்து எழுத்தான r விழுந்தால் மொத்த அட்டவணையும் அழிந்துவிடும். கூடவே `stock.csv` கோப்பின் பெயரையும் மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் மறைந்திருக்கும் வாசகருக்குப் பழைய எண்ணுக்குப் பதில் பிழைச் செய்தி வரும், அவர் அழைப்பார். யாராவது அழைத்தால் பெயரைத் திருப்பி வைத்து, அந்த வேலையை ஒருமுறை கையால் ஓட்டினால் நிலைமை சீராகிவிடும். சில வாரம் கழித்து இரண்டாம் முறை நிறுத்தும்போதும் யாரும் அழைக்கவில்லை என்றால், அறிவித்த தேதியில் நிரந்தரமாக நிறுத்தலாம்.

கடைசியில் காப்பகம். நிரல், அந்த ஒற்றை அட்டவணை வரி, கடைசிக் கோப்பு, ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பு, யார் எப்போது முடிவெடுத்தார்கள் என்பது ஆகியவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நிரலுக்குள் தரவுத்தளக் கடவுச்சொல் அப்படியே எழுதியிருக்கும். காப்பகத்துக்குப் போகும் நகலில் அதை நீக்கிவிட வேண்டும். அந்த நிரலுக்காக மட்டுமே திறந்துவைத்த பயனர் கணக்கை முதலில் முடக்கி, அடுத்த மார்ச் கணக்கு முடிந்த பிறகு அழிக்கலாம்.