கார்டு நம்பர் கடையில் தங்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வெள்ளிக் கொலுசுக் கடை. அப்படி ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அம்மா வருகிறார். மகளுக்கு ஒரு ஜோடி கொலுசு எடுக்கிறார். விலை 8,400 ரூபாய். கையில் பணம் இல்லை. கார்டை நீட்டுகிறார். கடைக்காரர் அதை எந்திரத்தில் செருகுகிறார். அம்மா ரகசிய எண்ணை அழுத்துகிறார். சில விநாடிகளில் சீட்டு வந்துவிடுகிறது.

கொலுசு கைமாறிவிட்டது. ஆனால் இன்னொன்றும் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கிறது. அதுதான் அம்மாவின் கார்டு நம்பர். பெரும்பாலான கார்டுகளில் அது 16 இலக்கம். அது கடையில் எங்காவது தங்கிவிட்டால் என்ன ஆகும்? திருடன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போகலாம். அம்மாவின் கணக்கில் கை வைக்கலாம்!

இதைத் தடுக்கத்தான் "பி.சி.ஐ." விதிகள் இருக்கின்றன.

விதி போட்டது யார்?

இது சர்க்கார் போட்ட சட்டம் அல்ல. விசா, மாஸ்டர்கார்டு முதலிய ஐந்து கார்டு கம்பெனிகள் சேர்ந்து வகுத்த விதி. முதல் விதிப் புத்தகம் 2004-ம் ஆண்டு வந்தது. அதைக் கவனித்துக்கொள்ள 2006-ம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தார்கள்.

சட்டம் இல்லை என்றால் கடைக்காரரை எப்படிக் கட்டுப்படுத்தும்? எந்திரம் கொடுக்கும் பாங்கியிடம் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார் அல்லவா? அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் விதி கடைக்குள் வருகிறது. கார்டு வாங்கும் கடை சிறிதானாலும் விதி உண்டு. ஆனால் சின்னக் கடைக்குச் சுமை குறைவு. அந்தச் சுமையை இன்னும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அது என்ன?

பூட்டும் சாவியும்

கார்டு நம்பரை அப்படியே கம்பியில் அனுப்பினால் நடுவில் யாரும் படித்துவிடலாம். ஆகவே அதை வேறு எண்ணாக மாற்றி அனுப்புகிறார்கள். இதற்கு "குறியாக்கம்" என்று பெயர். எண்ணைப் பூட்டி அனுப்புவது என்று சொன்னால் எளிதில் புரியும்.

ஓர் உதாரணம் பாருங்கள். நம்பரில் 7315 என்ற நான்கு இலக்கம் இருக்கிறது. 2864 என்பது சாவி. இரண்டையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டுங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். ஏழும் இரண்டும் ஒன்பது. மூன்றும் எட்டும் பதினொன்று, அதில் ஒன்று. இப்படிக் கூட்டினால் 9179 வரும்.

திருடன் கண்ணில் படுவது 9179 மட்டுமே. சாவி இல்லாமல் அவனுக்கு 7315 தெரியாது. பாங்கியிடம் சாவி இருக்கிறது. அங்கே கழித்துப் பார்த்து நம்பரைக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த வியாபாரத்துக்குச் சாவியை 5093 என்று மாற்றுங்கள். அதே 7315 இப்போது 2308 ஆகிவிடும்! பல எந்திரங்களில் இப்படித்தான் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் சாவி மாறுகிறது. உண்மையான பூட்டு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனால் அடிப்படை இதுதான்.

சாவி எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. யாராவது எந்திரத்தைப் பிரித்தால் சாவி தானாகவே அழிந்துபோகும். கடைக்காரருக்கே சாவி தெரியாது. தெரியவும் கூடாது.

எங்கே பூட்டுவது?

பூட்டு இருந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் "டார்கெட்" என்ற பெரிய கடைக் கம்பெனி இருக்கிறது. 2013-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கே சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போயிற்று. திருடர்கள் கடைக்குள் காலடியே வைக்கவில்லை. அந்தக் கம்பெனிக்குக் குளிர்பதன வேலை செய்துவந்த ஒரு சிறிய நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடினார்கள். அதைக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். பில் போடும் கம்ப்யூட்டர்களில் திருட்டு நிரலை வைத்தார்கள்.

கார்டைத் தேய்த்ததும் நம்பர் கம்ப்யூட்டரின் நினைவுக்குள் வருகிறது. பூட்டு விழுவதற்கு முன் ஒரு கண நேரம் அது திறந்தபடி கிடக்கிறது. அந்த ஒரு கணமே திருட்டு நிரலுக்குப் போதுமானதாக இருந்தது!

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது ஹிட்டாச்சி பேமெண்ட் சர்வீசஸ். பாங்கிகளுக்காக ஏ.டி.எம். வேலைகளைக் கவனிக்கும் நிறுவனம் அது. 2016-ம் ஆண்டு நடுவில் அதன் கம்ப்யூட்டர்களில் திருட்டு நிரல் புகுந்தது. விஷயம் அக்டோபரில் வெளியே வந்தது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு ஆபத்து என்று பாங்கிகள் நடவடிக்கை எடுத்தன. பல கார்டுகளை முடக்கிப் புதிய கார்டு கொடுத்தன. 19 பாங்கிகளைச் சேர்ந்த 641 பேரின் கணக்கிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் போனதாகத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அப்போது சொன்னது. திருட்டு நிரல் புகுந்ததை அந்த நிறுவனம் 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது.

இரண்டிலும் பாடம் ஒன்றே. நடுவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நம்பர் போனால், அந்தக் கம்ப்யூட்டர் கெட்டால் நம்பரும் போகும். ஆகவே கார்டு நுழையும் எந்திரத்துக்குள்ளேயே நம்பர் பூட்டப்பட வேண்டும். பாங்கி பக்கத்தில்தான் அது திறக்கப்பட வேண்டும். நடுவில் யாரும் திறக்க முடியக் கூடாது.

பாங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்திரம் எதுவானாலும் ரகசிய எண்ணைப் பூட்டித்தான் அனுப்பும். ஆனால் கார்டு நம்பரையும் உள்ளேயே பூட்டும் வசதி எல்லா எந்திரத்திலும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கொலுசுக் கடைக்காரர் எந்திரம் வாங்கும்போதே கேட்க வேண்டும். "கார்டு நம்பரும் எந்திரத்துக்குள்ளேயே குறியாக்கம் ஆகிறதா? அதற்கு பி.சி.ஐ. அங்கீகாரம் உண்டா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அவருடைய வேலை கூடும் அல்லது குறையும். கடை விதிப்படி நடக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை கடைக்காரரே பதில் எழுதும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று பாங்கி சொல்லும். நம்பர் எந்திரத்துக்குள்ளேயே பூட்டப்பட்டால் கேள்விகள் கொஞ்சம்தான். நம்பரைத் தம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் கடைக்கோ 200-க்கு மேல் கேள்விகள்!

எந்திரத்தில் தனி சிம் இருந்தால் தொல்லை குறைவு. கடையின் வைஃபை வழியாகப் போனால் கவனம் வேண்டும். கேமராவும் பில் கம்ப்யூட்டரும் உள்ள அதே இணைப்பில் கார்டு எந்திரத்தைச் சேர்க்கக் கூடாது. தனியாகப் பிரிக்க வேண்டும். வைஃபை பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும்.

நோட்டுப் புத்தகம் வேண்டாம்!

நாமக்கல்லுக்குப் போவோம். அங்கே லாரி உதிரி பாகம் விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கடன் கேட்கிறார். கடைக்காரர் ஒரு பிடிமானத்துக்காகக் கார்டின் இரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறார். அல்லது போனில் படம் வாங்கிக்கொள்கிறார்.

இது பெரிய தப்பு. அந்தக் காகிதத்தில் நம்பர் இருக்கிறது. முடிவுத் தேதி இருக்கிறது. பின்பக்கத்தின் மூன்று இலக்க சி.வி.வி. எண்ணும் இருக்கிறது. இந்த மூன்றும் போதும், வெளிநாட்டுக் கடைகள் சிலவற்றில் பொருள் வாங்கிவிடலாம். எந்திரம் எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் இந்தக் காகிதத்துக்குப் பூட்டு ஏது?

சி.வி.வி. எண்ணையும் ரகசிய எண்ணையும் பணம் அனுமதியான பிறகு எந்தக் கடையும் வைத்திருக்கக் கூடாது. குறியாக்கம் செய்தும் வைக்கக் கூடாது. இது பி.சி.ஐ. விதி. ரிசர்வ் பாங்கி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கார்டு கொடுத்த பாங்கியும் கார்டு கம்பெனியும் தவிர, பணம் போகும் வழியில் உள்ள வேறு யாரும் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது. இது 2022-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்குப் பார்ப்பதற்குக் கடைசி நான்கு இலக்கமும் பாங்கியின் பெயரும் இருந்தால் போதும். கடைசி நான்கு இலக்கம் சீட்டிலேயே அச்சாகி வருகிறது.

பழைய நோட்டிலோ போனிலோ முழு நம்பர் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டால் போதாது. மறுபடி ஒட்ட முடியாதபடி துண்டு துண்டாக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.

எந்திரமே மாறிப்போனால்?

பூட்டை உடைக்க முடியாத திருடன் எந்திரத்தையே மாற்றிவிடலாம். "பாங்கியிலிருந்து வருகிறேன். மிஷின் பழுது பார்க்க வேண்டும்" என்று ஒருவன் வருவான். நல்ல எந்திரத்தை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவான். அல்லது கார்டு நுழையும் வாய் மீது ஒரு மூடியை ஒட்டிவிடுவான். அது நம்பரைப் படித்துச் சேர்த்து வைக்கும்.

இதற்காக விதி ஒரு வேலை சொல்கிறது. எந்திரத்தின் பெயர், மாடல், அதன் வரிசை எண், வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அவ்வப்போது எந்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். வரிசை எண் சரியாக இருக்கிறதா? முத்திரை கிழிந்திருக்கிறதா? புதிய ஒயர் ஏதாவது தொங்குகிறதா? கார்டு முன்பைவிட இறுக்கமாக நுழைகிறதா? காலையில் கடை திறந்ததும் பார்ப்பதை வழக்கமாக்கினால் இரண்டு நிமிஷம்தான் ஆகும். கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பழுது பார்க்க யார் வந்தாலும், ஒப்பந்தத்தில் உள்ள பாங்கி நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். வந்தவர் கொடுக்கும் நம்பருக்குப் பேசாதீர்கள்.

பூட்டு காப்பாற்றாத இடம்

"நம்பர் சொல்லுங்கம்மா, நானே அழுத்துறேன்" என்று கேட்கும் கடைகள் உண்டு. வாடிக்கையாளரும் நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லிவிடுகிறார். காதில் விழுந்த எண்ணை எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது. எந்திரத்தை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அவரே அழுத்தட்டும். கார்டை அவர் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோகாதீர்கள்.

எந்திரத்தில் சந்தேகம் வந்துவிட்டதா? அதில் மேற்கொண்டு ஒரு கார்டும் போடாதீர்கள். நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். கடைசியாக எந்த நாளில் எந்திரம் சரியாக இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே பாங்கிக்குச் சொல்லுங்கள். அந்த நாளுக்குப் பிறகு வந்த கார்டுகளைப் பாங்கி கண்டுபிடித்து, பணம் போவதற்குள் முடக்கிவிட வழி உண்டு.