ஒரு தட்டு நாசி கண்டாரும் பதினைந்து சொற்களும்: செரிமானப் பாடத்தில் கருத்து வரைபடம்

படிவம் 4 உயிரியலில் செரிமானப் பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கொழுப்பைச் செரிக்க லிப்பேஸ் இருக்கு. அப்புறம் பித்தநீர் எதுக்கு?" படத்தில் உறுப்புகளின் பெயரைச் சரியாக எழுதிய பிள்ளைகள்கூட இங்கே தடுமாறுவார்கள். கல்லீரல் தெரியும், பித்தநீர் தெரியும், லிப்பேஸ் தெரியும். மூன்றுக்கும் நடுவில் என்ன உறவு என்பதுதான் தெரியாது. அந்த உறவை எழுத்தில் வெளியே கொண்டுவர கருத்து வரைபடம் உதவுகிறது. எங்கள் வார இறுதி வகுப்பில் இதை எப்படிச் செய்கிறோம், எங்கே சிக்கல் வருகிறது என்பதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பள்ளிகளில் ஐ-திங்க் வந்த பிறகு குமிழி வரைபடம், மர வரைபடம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிப்போய்விட்டன. "கருத்து வரைபடம் போடுங்க" என்றால் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஏழெட்டு குமிழி என்று வரைந்து கொடுத்துவிடுவார்கள். அதில் கோடுகளின் மேல் ஒரு சொல்லும் இருக்காது. கருத்து வரைபடத்தில் கோட்டின் மேல் எழுதும் சொல்தான் முக்கியம். "கல்லீரல்" என்று ஒரு பெட்டி, "பித்தநீர்" என்று ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி, அதன் மேல் "சுரக்கும் நீர்". மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கூற்று கிடைக்கிறது. அந்தக் கூற்றைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லலாம். வெறும் கோட்டை அப்படிச் சொல்ல முடியாது.

இது மதிப்பீட்டுக்காகவே பிறந்த கருவி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் சிறு பிள்ளைகளின் அறிவியல் புரிதல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று நேர்காணல் செய்து ஆராய்ந்து வந்தார்கள். நேர்காணல் பதிவுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. பிள்ளையின் புரிதலில் என்ன மாறியது என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து பிடிப்பது சிரமமாக இருந்தது. பிள்ளை சொன்னதைச் சிறு கூற்றுகளாகப் பிரித்து ஒரே தாளில் வரைந்து பார்க்கும் வழியை 1972-இல் கண்டுபிடித்தார்கள். பாடம் நடத்தும் உத்தியாக வகுப்பறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, நம்ம வகுப்புக்கு வருவோம். சூலியா தெருவில் நடந்துபோகிற எந்தப் பிள்ளைக்கும் நாசி கண்டார் தட்டு தெரியும். சோற்றில் மாச்சத்து, மீனிலும் கோழியிலும் புரதம், குழம்பின் எண்ணெயிலும் தேங்காய்ப் பாலிலும் கொழுப்பு, வெண்டைக்காயில் நார்ச்சத்து. பாடத்துக்குத் தேவையான எல்லாமே ஒரே தட்டில் இருக்கிறது. அதனால் மையக் கேள்வியை இப்படி வைக்கிறேன்: "இந்தத் தட்டில் உள்ள சத்து நம் உயிரணுவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?" தலைப்பாக "செரிமானம்" என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் பாடநூலின் வரிசையையே நகல் எடுத்துவிடுவார்கள். கேள்வி கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, கரும்பலகையில் பதினைந்து சொற்கள்: மாச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, அமைலேஸ், பெப்சின், லிப்பேஸ், பித்தநீர், கல்லீரல், கணையம், சிறுகுடல், குடலுறிஞ்சி, குளுக்கோஸ், இரத்தம், உயிரணு. இதற்கு மேல் போனால் நாற்பது நிமிடம் போதாது. வாயும் இரைப்பையும் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், காரணம் பிறகு வரும். சொற்களை ஒட்டுத்தாளில் எழுதி நகர்த்தி நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகுதான் கோடு. மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளைகள் பெட்டிக்குள் பாடநூல் சொல்லையே எழுதட்டும், பரவாயில்லை. கோட்டின் மேல் மட்டும் தாங்கள் யோசிக்கும் மொழியில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வருகிறது. அதனால் பெட்டி, வினை, பெட்டி என்று அம்புக்குறியோடு படித்தாலே வாக்கியம் அமைந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வரும். "பெப்சின் – செரிக்கிறது – புரதம்" என்று ஒரு பிள்ளை எழுதினால் எது எதைச் செரிக்கிறது? "புரதம் செரிக்கிறது" என்றும் நாம் பேசுகிறோமே! பெட்டிக்குள் "புரதத்தை" என்று வேற்றுமை உருபோடு எழுதினால், அதே பெட்டிக்கு இன்னொரு கோடு வரும்போது பொருந்தாது. எங்கள் வகுப்பில் வேலை செய்யும் வழி, கோட்டின் மேல் வினைமுற்று எழுதாமல் இருப்பதுதான். "சுரக்கும் நீர்", "செரிமானம் செய்யும் பொருள்", "நடக்கும் இடம்", "உறிஞ்சி அனுப்புவது" என்ற மாதிரி எழுதினால் இரண்டாவது பெட்டி உருபு இல்லாமலே வந்து உட்காரும். "கல்லீரல் – சுரக்கும் நீர் – பித்தநீர்." "பெப்சின் – செரிமானம் செய்யும் பொருள் – புரதம்." வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காதுக்கு இடறினால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

இப்போது ஒரு மாணவி வரைந்ததை எடுத்துக்கொள்வோம். அவள் வரைபடத்தில் பார்த்த உடனே இரண்டு கோடுகள் கண்ணில் பட்டன: "பித்தநீர் – உடைப்பது – கொழுப்பு", "லிப்பேஸ் – உடைப்பது – கொழுப்பு". இரண்டுக்கும் ஒரே சொல். தேர்வுத்தாளில் இதுவே "பித்தநீர் கொழுப்பை உடைக்கிறது" என்று வந்திருந்தால் பல பேர் மதிப்பெண் போட்டிருப்போம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், அவள் பித்தநீரையும் ஒரு நொதியாக நினைக்கிறாள் என்று தெரிகிறது.

அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "உடைச்ச பிறகு கையில என்ன இருக்கும்?" லிப்பேஸுக்கு "கொழுப்பு அமிலமும் கிளிசெராலும்" என்று சொல்லிவிட்டாள். பித்தநீருக்கும் அதையே சொல்லப்போய் நிறுத்தினாள். "தெரியல, டீச்சர்."

இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் ஊற்றினோம். ஒன்றில் மட்டும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு. இரண்டையும் குலுக்கி வைத்தால், சோப்பு இல்லாத குவளையில் எண்ணெய் சீக்கிரமே மேலே ஒன்றுசேர்ந்துவிடும். சோப்பு விட்டதில் நீர் பால் மாதிரி கலங்கலாக நிற்கும். எண்ணெய் எங்கேயும் போகவில்லை. இன்னும் எண்ணெயாகவே, சிறு சிறு துளிகளாக இருக்கிறது. பித்தநீர் செய்வதும் இதுதான். அதில் செரிமான நொதி கிடையாது. துளி சிறிதானால் மொத்தப் பரப்பு கூடுகிறது, லிப்பேஸ் வேலை செய்ய இடம் கிடைக்கிறது. அவள் கோட்டை அழித்து "சிறு துளிகளாக்கும் பொருள்" என்று மாற்றினாள். பிறகு நாங்கள் சொல்லாமலே பித்தநீரிலிருந்து லிப்பேஸுக்குப் புதிதாக ஒரு கோடு போட்டாள்: "வேலை எளிதாக உதவும் நொதி". முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கோடுதான்.

அவள் தாளில் இன்னொரு தவறும் இருந்தது, இது மிகப் பரவலானது: "கல்லீரல் – அடுத்து உணவு போகும் இடம் – சிறுகுடல்". சோறு கல்லீரல் வழியாகப் போகிறதாம்! ஏன் இப்படி வருகிறது? இயன் கின்சினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-இல் மாணவர் வரைபடங்களை மூன்று வடிவமாகப் பிரித்துக் காட்டினார்கள்: நடுவிலிருந்து ஆரம் மாதிரி விரிவது, சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போவது, வலை மாதிரி பின்னிக்கிடப்பது. செரிமானப் பாடத்தைப் பிள்ளைகள் வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று சங்கிலியாகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சங்கிலியில் பக்கவாட்டில் இடமே இல்லை. கல்லீரலையும் கணையத்தையும் சேர்க்கச் சொன்னால் நடுவில் ஒரு கண்ணியை வெட்டித்தான் நுழைக்க முடியும். அப்படி நுழைத்ததும் உணவு அதன் வழியாகப் போவதாக ஆகிவிடுகிறது. வாயையும் இரைப்பையையும் பட்டியலில் விட்டதற்கு இதுதான் காரணம். சங்கிலியின் முதல் கண்ணிகள் கிடைக்காவிட்டால் பிள்ளை வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும். வேண்டுமானால் கடைசியில் தாங்களே சேர்த்துக்கொள்ளட்டும்.

மதிப்பெண் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. நோவாக்கும் கோவினும் 1984-இல் வெளியிட்ட நூலில் சரியான கூற்றுக்கு 1, படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் குறுக்கு இணைப்புக்கு 10 என்று ஒரு முறை தந்தார்கள். மேலே பொதுவான கருத்து, கீழே போகப்போகக் குறிப்பானது என்ற படிநிலை விலங்குகளின் வகைப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். செரிமானத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு 5 வைத்தால் பிள்ளைகள் அர்த்தமில்லாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள். நான் இரண்டை மட்டும் எண்ணுகிறேன்: சரியான கூற்றுகள், சரியான குறுக்கு இணைப்புகள். தவறான கூற்றுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, சிவப்பு மையில் வட்டம் மட்டும். கழித்தால் அடுத்த முறை சந்தேகமான கோட்டைப் போடவே மாட்டார்கள், நமக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். எந்தக் கோடும் தொடாமல் தனியாகக் கிடக்கும் பெட்டியையும் பாருங்கள். பெரும்பாலும் அது நார்ச்சத்துதான். "செரிக்காதது எதுக்கு டீச்சர் இங்க?" என்று கேட்பார்கள். மனிதக் குடலில் அதைச் செரிக்கும் நொதி இல்லை, ஆனால் குடலில் உள்ளவை நகர்ந்துபோக அது உதவுகிறது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

குழுவாக வரையும்போது ஒரு எச்சரிக்கை. நான்கு பேர் சேர்ந்தால் ஒருவர் கோடு போடுவார், மூன்று பேர் பார்ப்பார்கள். பேசிப் பழக குழு நல்லதுதான், மதிப்பீட்டுக்கு உதவாது. புரிதலைச் சோதிக்க வேண்டுமென்றால் தனித்தனித் தாள்தான். முப்பது தாள் திருத்த நேரமில்லை என்றால் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். பித்தநீரிலிருந்து போகும் கோடு, குடலுறிஞ்சியிலிருந்து போகும் கோடு, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். "குடலுறிஞ்சி – செரிமானம் செய்யும் பொருள் – குளுக்கோஸ்" என்று இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் செரித்தலும் உறிஞ்சுதலும் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு குப்பையில் போட விடாதீர்கள். சுற்றோட்டப் பாடம் வரும்போது அதே தாளை எடுத்து வேறு நிறப் பேனாவில் தொடரச் சொல்லுங்கள். முதல் தாளில் பலரும் கொழுப்பிலிருந்து நேராக இரத்தத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். இப்போது குடலுறிஞ்சிக்குள் இருக்கும் லாக்டியல் என்ற நிணநாளத்தை நடுவில் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ் இரத்தத் தந்துகி வழியாகப் போய் முதலில் கல்லீரலை அடைகிறது. கொழுப்போ நிணநீர் வழியாகச் சுற்றிப் போய், கழுத்துக்குக் கீழே உள்ள சிரையில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. கல்லீரல் பெட்டிக்கு இப்போது இரண்டாவதாக ஒரு கோடு வருகிறது, இந்த முறை இரத்தத்திலிருந்து.