காணாமல் போன ஒரு ‘ஆம்’

இதழியல் மாணவர் எழுதிய செய்தியைத் திருத்த உட்காரும் ஆசிரியர், சிவப்புப் பேனாவுக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: மாணவரின் குறிப்பேடு, செல்பேசியில் இருக்கும் ஒலிப்பதிவு. செய்தியை மட்டும் வாசித்தால் நடை தெரியும், எழுத்துப்பிழை தெரியும். செய்தி சரியா என்பது தெரியாது. நன்றாக எழுதப்பட்ட தவறு, படிக்கும்போது சரியாகவே தோன்றும்.

வகுப்பறையில் அடிக்கடி வரும் வகைச் செய்தி ஒன்றை மாதிரியாக வைத்துப் பார்ப்போம். ஒரு சிறு நகரத்தின் 7ஆவது வார்டில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. மாணவி ஒருவர் புதன்கிழமை அங்கே போய், நான்கு பேரிடம் பேசி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைப் படமெடுத்து வந்து 14 வாக்கியங்களில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார்.

முகப்பு திருக்குறள் ஒன்றோடு தொடங்குகிறது. அடுத்து, குடிநீர் மனிதனின் அடிப்படைத் தேவை என்று ஒரு வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தில் ‘பல ஆண்டுகளாக இன்னலுக்கு ஆளாகிவரும்’ மக்கள் வருகிறார்கள். இந்த மூன்றையும் எந்த ஊர்த் தண்ணீர்ச் செய்திக்கும் பொருத்தலாம். முகப்பைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: ஊர்ப்பெயரை மாற்றினாலும் வாக்கியம் அப்படியே நின்றால், அதில் செய்தி இல்லை.

உண்மையான செய்தி மாணவி எடுத்த படத்தில் இருக்கிறது. கடைசியாகச் சுத்தம் செய்த தேதி தொட்டிச் சுவரில் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கிறது. அது எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கட்டுரையில் இது ஒன்பதாவது வாக்கியமாக ஒளிந்திருக்கிறது. அதுவும் எப்படி? ‘தொட்டி பல மாதங்களாகச் சுத்தம் செய்யப்படவில்லை எனக் கூறப்படுகிறது.’

யார் கூறியது? யாரும் கூறவில்லை, அவரே பார்த்தார். தமிழ்ச் செய்தி நடையில் ‘கூறப்படுகிறது’ என்ற சொல் பொறுப்பிலிருந்து நழுவ வசதியான கதவு. ஆளைச் சொல்ல வேண்டாம், கேட்ட இடத்தையும் சொல்ல வேண்டாம். ஆகவே திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘ஆவணம்’ என்று ஒன்றை மாணவியையே எழுதச் சொல்ல வேண்டும். கேட்டது என்றால் யாரிடம் என்பதும் வேண்டும். ஓரம் காலியாக நிற்கும் வாக்கியம் செய்தியிலும் நிற்கக் கூடாது.

முகப்பைத் திருப்பி எழுதும்போதும் இதே கவனம் தேவை. ‘எட்டு மாதமாகச் சுத்தம் செய்யப்படாத தொட்டியிலிருந்து மஞ்சள் தண்ணீர்’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் மாணவி பார்த்தது தேதியைத்தான். சுத்தம் செய்துவிட்டுத் தேதியை மாற்றாமல் விட்டிருக்கலாம். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் தொட்டியாக இல்லாமல் துருப்பிடித்த குழாயாகவும் இருக்கலாம். எனவே, ‘7ஆவது வார்டு குழாய்களில் திங்கள்கிழமை முதல் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் வருவதாக அங்கு வசிப்பவர்கள் தெரிவித்தனர். தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியாகச் சுவரில் எழுதியிருப்பது எட்டு மாதத்துக்கு முந்தையது.’ இரண்டு தகவல், இரண்டு வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால், என்ன நடந்தது என்று அறிய வாசகர் கடைசிச் சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மிகவும் நுணுக்கமான இடம் மேற்கோள். அச்சுக்கு வந்த மேற்கோள் இது: “மூன்று நாட்களாக மஞ்சள் நிறத்தில்தான் தண்ணீர் வருகிறது. தொட்டியில் எலி செத்துக் கிடந்தது. நகராட்சியின் அலட்சியத்தால் குடிக்கவே அச்சமாக இருக்கிறது.”

ஒலிப்பதிவில் அந்தப் பெண் சொன்னது: “மூணு நாளா மஞ்சத் தண்ணிதான் வருது. டேங்க்ல எலி செத்துக் கிடந்துச்சாம். குடிக்கவே பயமா இருக்கு.”

‘மூணு’ மூன்றானதும் ‘பயம்’ அச்சமானதும் பெரிய குற்றமல்ல. பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்றுவது நம் பத்திரிகைகளில் பழகிய வழக்கம். ‘பயம்’ என்றே விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் குரலும் மிஞ்சியிருக்கும் என்பது வேறு. ‘நகராட்சியின் அலட்சியத்தால்’ என்பது அவர் சொல்லாதது. மாணவியின் சொந்தக் கருத்து மேற்கோள் குறிக்குள் புகுந்துகொண்டது. மூன்றாவது மாற்றம்தான் எளிதில் கண்ணுக்குத் தப்புவது. ‘கிடந்துச்சாம்’ என்பது ‘கிடந்தது’ ஆகிவிட்டது. ‘யாரோ சொல்லக் கேட்டேன், நான் பார்க்கவில்லை’ என்ற முழுச் செய்தியையும் தமிழர்கள் அந்த ‘ஆம்’ விகுதியில் சொல்லிவிடுவார்கள். அதை உதிர்த்ததும், வதந்தி கேட்ட பெண் செத்த எலியைப் பார்த்த சாட்சியாகிவிட்டார்.

எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜெஃப்ரி மாசன் என்ற உளப்பகுப்பாய்வாளர், நியூயார்க்கர் இதழில் ஜேனட் மால்கம் எழுதிய கட்டுரையில் தான் சொல்லாத சொற்கள் மேற்கோளாக வந்ததாக வழக்குத் தொடுத்தார். இலக்கணத்தையும் வாக்கிய அமைப்பையும் சரிசெய்வதால் மட்டும் மேற்கோள் பொய்யாகிவிடாது, சொன்னதன் பொருள் கணிசமாக மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 1991இல் அந்த நீதிமன்றம் கூறியது. அவதூறு வழக்குக்கு அது போதுமான அளவுகோலாக இருக்கலாம். வகுப்பறையின் அளவுகோல் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்கூட, மாணவியின் மேற்கோள் தேறாது.

எதிர்த்தரப்புக்கு வருவோம். செய்தியின் கடைசி வரி: ‘நகராட்சிப் பொறியாளரிடம் கருத்து கேட்க முயன்றும் முடியவில்லை.’ குறிப்பேட்டின்படி அந்த முயற்சி, மாலை 5.50 மணிக்கு ஒரே ஒரு அழைப்பு. குறுஞ்செய்தி அனுப்பவில்லை, அலுவலகத்துக்கும் போகவில்லை. இதை முயற்சி என்று சொல்ல முடியாது. இரு தரப்புக்கும் சமமாக வரி ஒதுக்குவதை நடுநிலை என்று நினைப்பவர்கள் உண்டு. குற்றச்சாட்டை அதன் விவரங்களோடு எதிர்த்தரப்பின் முன் வைப்பதுதான் முக்கியம்.

ரோலிங் ஸ்டோன் இதழ் 2014 நவம்பரில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இங்கேதான் சறுக்கியது. அங்குள்ள மாணவர் அமைப்பு ஒன்றின் இல்லத்தில் கூட்டு வல்லுறவு நடந்ததாக அது சொன்னது. இதழ் கேட்டுக்கொண்டதன்பேரில் கொலம்பியா இதழியல் பள்ளி அந்தக் கட்டுரையை ஆராய்ந்து 2015 ஏப்ரலில் அறிக்கை தந்தது. மாணவர் அமைப்பிடம் பொதுவாகக் கருத்து கேட்டார்களே தவிர, மறுக்கவோ சரிபார்க்கவோ வேண்டிய விவரங்களைத் தரவில்லை. மூன்று நண்பர்கள் பேசியதாக வந்த உரையாடல், அவர்களிடம் கேட்காமலே எழுதப்பட்டது. அது ஒருவர் சொல்லிக் கிடைத்தது என்பதும் வாசகருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் மாணவி பொறியாளரிடம் கேட்க வேண்டியது ‘குடிநீர்ப் பிரச்சினை பற்றி என்ன சொல்கிறீர்கள்?’ என்பதல்ல. “சுவரில் இந்தத் தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு சுத்தம் செய்தீர்களா? திங்கள்கிழமைக்குப் பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்தீர்களா, சார்?” இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில் செய்தியையே மாற்றக்கூடும். பதில் வராவிட்டாலும், எந்தக் கேள்வி எப்போது அனுப்பப்பட்டது என்று செய்தியில் நேர்மையாக எழுதலாம்.

எலிக்கு ஒரு வழிதான் உண்டு. மாணவி மறுபடி அந்தத் தெருவுக்குப் போய், “அக்கா, எலியைப் பார்த்தது யாரு?” என்று கேட்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் சொன்னார் என்றால் எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவரும் ‘கிடந்துச்சாம்’ என்றால் அடுத்த வீடு. பார்த்தவர் ஒருவரும் அகப்படாவிட்டால் எலி செய்தியில் வராது. தண்ணீர் மஞ்சளாக வருவதும், குடிக்க அந்தப் பெண் பயப்படுவதும், சுவரில் இருக்கும் தேதியும் வரும்.