கடைசிப் பாட்டு கரகரப்பது ஏன்?

எல்பி தட்டு வைத்துக் கேட்கிறவர்கள் பலருக்கும் இருக்கும் குறை இது. முதல் பாட்டு துல்லியமாக ஒலிக்கிறது. உள்ளே போகப் போகக் குரலில் பிசிறு தட்டுகிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. தட்டு தேய்ந்துவிட்டது என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் தட்டின் மேல் தவறில்லை. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், கையின் நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அல்லது முள்ளின் அழுத்தம் குறைந்திருக்கும்.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உட்பக்கம் 21 செ.மீ. மட்டுமே. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் தாராளமாகப் பதிந்திருக்கும். அதே அலை உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டிருக்கும். அங்கே முள் சற்றே கோணலாக நின்றாலும் காது கண்டுபிடித்துவிடும்.

முள் ஏன் கோணலாகிறது? தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகரும். நம் வீட்டுக் கை ஓர் அச்சில் மாட்டப்பட்டது, வில்லாகத்தான் வீச முடியும். அதனால் கையின் தலைப்பகுதியை உள்நோக்கி வளைத்தும், முள் தட்டின் நடு ஊசியைச் சற்றுத் தாண்டி நிற்கும்படி கையை நீட்டியும் அமைக்கிறார்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் பள்ளத்தோடு முள் மிகச் சரியாக ஒத்துப்போகும் இடங்கள் இரண்டு கிடைக்கும். மற்ற இடங்களில் சிறு பிழை இருக்கவே செய்யும். அந்தப் பிழையை எங்கே குறைப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்ற கணக்கை ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரன் 1938இல் போட்டார். 1941இல் பேர்வால்டும் அதே விடையை அடைந்தார். அவர்கள் கணக்குப்படி, இன்று வழங்கும் அளவில், அந்த இரண்டு இடங்களும் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் இருக்கின்றன.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயரில் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். கையின் அச்சுக்கும் தட்டின் நடுவுக்கும் இடையே 215 மி.மீ. நிறுவனம் சொல்லும் முறைப்படி முள் 15 மி.மீ. தாண்டி நிற்க வேண்டும், தலை 22 பாகை வளைந்திருக்க வேண்டும். ஹெட்ஷெல்லின் பின்முனை ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. இருந்தால் இது தானாக அமைந்துவிடும். இந்த அமைப்பில் முள் நேராகும் இடங்கள் ஏறக்குறைய 58.8, 113.5 மி.மீ. பேர்வால்டைவிட இரண்டுமே உள்ளே தள்ளியிருக்கின்றன. பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு இது நல்லது. ஆனால் வெளி ஓரத்தில் பிழை 2.6 பாகைக்கு வரும், பேர்வால்டில் அது 1.9 பாகைதான்.

பேர்வால்ட் முறையே வேண்டுமென்றால் இதே பிளேயரில் கார்ட்ரிட்ஜை 2.8 மி.மீ. முன்னே நகர்த்தி, 1.7 பாகை அளவுக்கு உள்நோக்கித் திருப்ப வேண்டும். என் கருத்தைக் கேட்டால், பக்கம் முழுக்க நிரம்பிய தட்டுகளைக் கேட்பவர்கள் 52 மி.மீ. முறையிலேயே நிற்கலாம். எந்த முறையானாலும் அரைகுறையாக நிறுத்தக் கூடாது. நீளத்தை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்பத்தை மறந்தால் இருக்கும் பிழையும் அதிகமாகும்.

சரிபார்க்க, கோடுகள் வரைந்த அளவட்டை ஒன்று வேண்டும். வீட்டிலேயே அச்சிட்டால் நடுத்துளையிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தை முதலில் ஸ்கேலால் அளந்து பாருங்கள், அச்சுப்பொறி தாளுக்கேற்பச் சுருக்கியிருக்கும். அட்டையைத் தட்டின் இடத்தில் வைத்து, ஒரு புள்ளியில் முள்ளை இறக்கி, முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னிருந்து பார்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்டு உடலுக்குள் சற்றே சாய்ந்து பொருந்தியிருக்கலாம், பள்ளத்தில் ஓடுவதோ அந்தத் தண்டின் முனைதான். ஒரு புள்ளியில் நேராக இருந்து மறுபுள்ளியில் கோணினால் திருகாணிகளைத் தளர்த்தி அரை மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டிலும் நேரானபின் திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கொள்ளும்.

அழுத்தத்துக்கு இதற்குப் பிறகுதான் முறை. கார்ட்ரிட்ஜை முன்னே நகர்த்தினாலே முள்ளின் மேல் எடை கூடிவிடும் என்பதால் இந்த வரிசை. ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வைத்து, முள்ளின் உறையைக் கழற்றி, பின்னால் உள்ள எடையைத் திருகிக் கை படுக்கையாக மிதக்கும்படி செய்யுங்கள். எடை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடை முழுவதையும் 1.8 வரை திருப்பினால் 1.8 கிராம் அழுத்தம் வந்துவிடும். 2எம் ரெட்டுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை இடமுண்டு, 1.8 பரிந்துரை. சிறிய மின்னணுத் தராசு இருந்தால் தட்டின் உயரத்தில் வைத்து அளப்பது இன்னும் நம்பகமானது.

அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. அழுத்தம் போதாத முள் உரத்த இடங்களில் பள்ளச் சுவரைவிட்டு எழும்பித் திரும்ப வந்து மோதும். அந்தச் சிதைவு தட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அனுமதித்த எல்லைக்குள் சற்றே கூடுதலாக வைப்பதே தட்டுக்குப் பாதுகாப்பு.

கடைசியாக ஆன்டி-ஸ்கேட். சுழலும் தட்டு முள்ளைப் பள்ளத்தின் போக்கில் இழுக்கிறது. கையின் தலை வளைந்திருப்பதால் அந்த இழுவிசையின் கோடு கையின் அச்சு வழியாகப் போவதில்லை. அதனால் கை எப்போதும் மையத்தை நோக்கி இழுபடுகிறது, முள் பள்ளத்தின் உட்சுவரில் சாய்கிறது. உட்சுவரில் இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. வெளிச்சுவரில் பிடி தளர்வதால் பிசிறு முதலில் வலப்பக்கத்தில் கேட்கும். இதைச் சரிக்கட்டத்தான் கையை மெல்ல வெளிநோக்கி இழுக்கும் அமைப்பு இருக்கிறது. எஸ்எல்-1200இல் அதன் எண்ணையும் 1.8இல் வைத்துத் தொடங்கலாம்.

பள்ளமில்லாத வழவழப்பான தட்டில் முள்ளை விட்டு, கை நகராமல் நிற்கும்படி இதைத் திருத்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சமதளத்தில் உள்ள உராய்வும், இரு சுவர்களுக்கு நடுவே இசையோடு அதிரும் முள்ளின் உராய்வும் ஒன்றல்ல. உரத்த இசையில் இழுவை கூடும், மெல்லிய இசையில் குறையும் என்பதால் எந்த எண்ணும் தோராயமே. பக்கத்தின் உட்பகுதியில் குரல் ஓங்கும் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். வலக்காதில் சீறினால் 0.2 கூட்டுங்கள், இடக்காதில் சீறினால் குறையுங்கள்.

இரு பக்கமும் சமமாக, உள்ளே போகும்போது மட்டும் பிசிறினால் அளவட்டைக்குத் திரும்ப வேண்டும். தொடக்கத்திலிருந்தே உரத்த இடங்களில் பிசிறினால் அழுத்தத்தையும் முள்ளில் படிந்த தூசியையும் பாருங்கள். ஒரே ஸ்பீக்கரில் பிசிறினால் ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது பின்களை மாற்றிச் செருகுங்கள். பிசிறு மறு ஸ்பீக்கருக்குப் போனால் குறை பிளேயரிலோ தட்டிலோ இருக்கிறது. இந்தச் சோதனைகளைப் புதுத் தட்டில் செய்வது நல்லது. கனமான முள் கொண்ட ரேடியோகிராமில் ஆண்டுக்கணக்கில் ஓடிய பழைய சினிமாத் தட்டில் பள்ளமே சிதைந்திருந்தால் எந்தத் திருத்தமும் அதை மீட்காது. 2எம் ரெட்டில் முள்ளை மட்டும் உருவி மாற்ற முடியும். புது முள்ளின் தண்டு பழையதைப் போலவே அமைந்திருக்கும் என்று சொல்ல முடியாததால், மாற்றிய அன்றே அளவட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.