உங்களுக்குத் தெரியுமா? சபையில் உடை மாற்றும் பழமொழிகள்

சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல்வதற்கு நன்னூல் வைத்த பெயர் இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தான்’ என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த உதாரணம். பழமொழியில் இது அவ்வளவு சுலபமில்லை. அங்கே சொல்லை மாற்றினால் எதுகையோ மோனையோ உடைந்துவிடும்.

‘குண்டி காய்ந்தால் குதிரையும் வைக்கோல் தின்னும்’ என்பது ஊர்ப்பேச்சு. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது அதுவே ‘வயிறு காய்ந்தால்’ என்று ஆகிவிடும். குண்டிக்கும் குதிரைக்கும் இருந்த மோனை போனாலும், வயிற்றுக்கும் வைக்கோலுக்கும் இடையே புது மோனை பிறந்துவிடுகிறது. பட்டினி என்ற பொருளும் இன்னும் நேராக வருகிறது. மாற்றியதே தெரியாத அளவுக்கு நல்ல மாற்று இது.

‘ஆடத் தெரியாத தேவடியாள் கூடம் கோணல் என்றாளாம்.’ சோழர் கல்வெட்டுகளில் தேவரடியார் என்பது கோயிலோடு சேர்ந்த மரியாதைப் பெயர். பின்னாளில் அதன் மரூஉ வசைச்சொல்லாகத் தேய்ந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் வசை மட்டும் நிலைத்துவிட்டது. இன்று நாம் சொல்வது ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’. இங்கே எதுகை ‘ஆட’, ‘கூட’ இரண்டிலும்தான் இருக்கிறது. நடுவில் இருந்த சொல் ஓசைக்கு எதையும் தரவில்லை, அதனால் எடுத்தபோது வலிக்கவில்லை. எடுத்தது மிகவும் சரி என்பேன்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது பீ தின்னத்தான் போகும் என்ற பழமொழியைப் பலர் ‘வைத்தாலும்…’ என்றே நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேட்பவர் மனசுக்குள் முடித்துக்கொள்வார். சிலர் ‘வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் போகும்’ என்று முடிப்பதுண்டு. ஓசை கெடாவிட்டாலும் கருத்து மெலிந்துவிடுகிறது. இழிந்ததைத் தேடிப் போகும் புத்தியைச் சொல்ல வந்த பழமொழி, ஊர்சுற்றும் ஆசையைச் சொல்வதாகிவிடும். இதற்குப் பாதியில் நிறுத்துவதே மேல்.

மாற்றவே முடியாததும் ஒன்று உண்டு. ‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது.’ எதுகையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘சிறுநீரை’ என்று போட்டுப் பாருங்கள், வெறும் வைத்திய அறிவுரை ஆகிவிடும். அதனால் பெரியவர்கள்கூட இதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் மறைக்கச் சொன்னவர்கள் இல்லை நம் இலக்கணக்காரர்கள். அவையில் ஆகாத சொல்லை மறைத்துச் சொல்லச் சொன்ன தொல்காப்பியமே, வழக்கில் மருவிப்போனதை மறைக்க வேண்டியதில்லை என்றும் விலக்குத் தருகிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டியவை ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை. ஆப்பி என்பது பசுஞ்சாணம். இலண்டமும் பிழுக்கையும் இன்று லத்தி, புழுக்கை என்று வழங்குகின்றன. இவற்றைச் சொல்ல இன்றும் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.